ரயில் போன பிறகு மனதில் ஓடுவது எது?

"எங்கள் அலுவலகத்தில் எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு நடக்கிறது. கூட வேலை செய்யும் சிங்களத் தோழி, வருகிற போயாவுக்கு விகாரையில் பாவனைக்கு வரும்படி கூப்பிடுகிறாள். நான் தினமும் மாலையில் விளக்கேற்றித் தேவாரம் படிக்கிறவள். மூன்றும் ஒன்றுதானா? இல்லையென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? வீட்டில் செய்து பார்க்க ஒரு சிறிய பயிற்சியும் சொல்லுங்கள்."
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் மூன்று பேரைத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ஒரு ரயில் வர வேண்டும். நீங்களும் வெள்ளவத்தை என்பதால் இது உடனே புரியும். நானும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில்தான் இருக்கிறேன். ரயில் போகும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும், மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தால் அதில் வட்டம் விழும். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், சைவன். இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு தேரரிடம் மூச்சுத் தியானம் பழகியவன். மூன்றையும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தே செய்து பார்த்திருக்கிறேன்.

தேவாரம் படிக்கும்போது ரயில் வந்தால் அது இடைஞ்சல். குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன், அல்லது நிறுத்தி, அது போனபின் விட்ட வரியிலிருந்து தொடர்வேன். ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே சத்தம் கேட்டால் என்ன செய்வோமோ அதேதான். மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பில் சொல்லித்தருவது வேறு. சத்தத்தைச் சத்தமாகவே கேளுங்கள், நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், மெதுவாக மூச்சுக்குத் திரும்புங்கள் என்பார்கள். தேரர் சொல்லித்தந்தது இந்த இரண்டுமில்லை. முதல் மாதம் நான் அவரிடம் போய், "ரயில் சத்தத்தில் உட்கார முடியவில்லை" என்று முறையிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான். "சத்தம் காதில் கேட்டது. பிடிக்கவில்லை என்பது எங்கே இருந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி அனுப்பிவிட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தமிழ் இலக்கணத்தில் சொன்னால் சுலபம். பிரார்த்தனை முன்னிலையில் நடக்கிறது, அங்கே ஒரு "நீ" உண்டு. வகுப்பில் படிப்பது தன்மையில் நடக்கிறது: என் மன அழுத்தம், என் தூக்கம், என் வலி. பௌத்த தியானம் படர்க்கைக்குப் போகப் பார்க்கிறது: "இது வந்திருக்கிறது, இது போகிறது." நான் வலிந்து போட்ட உவமை என்று நினைக்க வேண்டாம். சதிபட்டான சூத்திரத்திலேயே தியானிப்பவரின் நினைவு "உடல் இருக்கிறது" என்ற அளவில் நிற்கிறது என்று வருகிறது. "என் உடல்" என்று அங்கே இல்லை.

முதலில் பிரார்த்தனையை எடுத்துக்கொள்வோம். புத்தர் வேண்டுதலைப் பற்றிச் சொன்ன ஒரு கதை பாளி நூல்களில் இருக்கிறது. அசிபந்தகபுத்தன் என்ற ஊர்த்தலைவன் வந்து, இறந்தவர்களை மந்திரம் சொல்லி மேலுலகத்துக்கு அனுப்பும் பிராமணர்களைப் பற்றிக் கேட்கிறான். புத்தர் திருப்பிக் கேட்கிறார்: ஒருவன் பெரிய கல்லை ஆழமான குளத்தில் போட்டுவிட்டான். ஊரே கரையில் கூடி, கைகூப்பி, "கல்லே மேலே வா, கல்லே மிதந்து வா" என்று வேண்டினால் கல் வருமா? அதேபோல நெய்க்குடம் ஒன்று தண்ணீருக்குள் உடைந்தால் ஓடு தாழும், நெய் மிதக்கும். "நெய்யே கீழே போ" என்று ஊர் வேண்டினாலும் அது போகாது. செய்த வினைதான் பாரம், வேண்டுதல் அதை மாற்றாது என்பது அங்கே கருத்து.

இதைப் படித்துவிட்டு, பௌத்தர்கள் எதுவும் வேண்டுவதில்லை என்று முடிவுகட்டினால், களனி விகாரைக்கு ஒருமுறை போய்வர வேண்டியதுதான். புத்தர் சிலைக்கு முன் பூவை வைக்கும்போது அவர்கள் சொல்லும் பாளி வரிக்கு, இந்தப் பூ வாடுவதுபோல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று பொருள். அதில் கேட்பது ஒன்றுமில்லை. ஆனால் அதே வளவில் விபீஷணனுக்குத் தேவாலயம் இருக்கிறது. பூத்தட்டை அங்கே வைத்துவிட்டு இங்கே பழத்தட்டோடு வருகிறவர்களைப் பார்க்கலாம். மகனுடைய சோதனை, வழக்கு, விசா எல்லாம் இங்கேதான் சொல்லப்படும். பல விகாரைகளில் கதிர்காமத் தெய்யோவுக்கும் இடமுண்டு, அவர் நம்முடைய முருகன்தான். ஆகவே வேண்டுதல் பௌத்தர் வாழ்வில் இல்லாமல் இல்லை. அதற்குத் தனி வாசல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் தேவாரமும் வெறும் வேண்டுதல் அல்ல. போற்றுவதும், குறையை ஒப்புக்கொள்வதும், நன்றி சொல்வதும், எதுவும் கேளாமல் அடியில் கிடப்பதும் அதில் உண்டு. ஆனால் அத்தனையிலும் எதிரே ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவரை எடுத்துவிட்டால் பிரார்த்தனை இல்லை. பௌத்த தியானத்தில் அன்பைப் பரப்பும் மைத்திரி பாவனை பிரார்த்தனைபோலவே ஒலிக்கும். "எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு உட்காருவார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்று உங்கள் தோழியைக் கேட்டுப்பாருங்கள், யாரிடமும் இல்லை என்பாள். உயிர்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்பும் மனத்தைப் பழக்குவதுதான் அங்கே வேலை.

பாவனை என்ற சொல்லைப் பற்றி ஒன்று. நமக்குப் பாவனை என்றால் பாசாங்கு. இலங்கையில் அதற்கு உபயோகம் என்றும் பொருள், பாவனையாளர் என்றால் பொருள் வாங்குகிறவர். பாளியில் பாவனா என்றால் உண்டாக்குதல், வளர்த்தல். பயிர் வளர்ப்பதைப்போல இல்லாத ஒரு குணத்தை மனதில் வளர்த்தெடுப்பது. தோழி "பாவனாவுக்கு வா" என்று சொல்லும்போது இந்தப் பொருளில்தான் சொல்கிறாள்.

இனி மைண்ட்ஃபுல்னஸ். இந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நம் தீவுக்கும் தொடர்பு இருக்கிறது. இலங்கையில் பிரித்தானிய அரசாங்க அதிகாரியாக இருந்து, இங்கேயே பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்பவர்தான் "சதி" என்ற பாளிச் சொல்லுக்கு 1881இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லைப் போட்டு நிலைக்கவைத்தவர். சதி என்பது நம் சூழ்ச்சிச் சதி அல்ல, வடமொழியில் ஸ்மிருதி, அதாவது நினைவு. செய்யவேண்டியதை மறவாதிருத்தல் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் எட்டு வார வகுப்பின் வடிவம் 1979இல் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபட்-சின் தொடங்கியது. மருத்துவம் செய்தும் தீராத வலியோடு இருந்தவர்களுக்காக ஆரம்பித்தது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. மதம் எதுவென்று கேட்பதில்லை, மறுபிறப்பு, வினை, நிர்வாணம் எதுவும் பேசுவதில்லை. வலியோடும் பதற்றத்தோடும் வாழவேண்டியவர்களுக்கு அது நல்ல உதவி. அதைக் குறைத்துச் சொல்லும் பௌத்தர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அங்கே எடுத்துக்கொண்டது புத்தர் சொன்ன எட்டு உறுப்புள்ள வழியில் ஏழாவது உறுப்பான சதியை மட்டும். அதற்கு முன்னால் நற்காட்சியும் நல்ல பேச்சும் நல்ல பிழைப்பும் இருக்கின்றன. கவனம் தனியாக நின்றால் அது எந்தப் பக்கமும் சாயும். புறக்கோட்டை பஸ்ஸில் ஜேப்படிக்கிறவனைவிடக் கவனமுள்ளவன் யார்? அவன் மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறான். அதனால்தான் விகாரையில் உட்காருவதற்கு முன் ஐந்து சீலங்களை வாய்விட்டுச் சொல்லவைக்கிறார்கள்.

தேரர் பார்த்துவரச் சொன்ன இடத்துக்குத் தமிழிலேயே பெயர்கள் இருக்கின்றன. மணிமேகலையின் கடைசிக் காதையில் துன்பம் பிறக்கும் வழியைப் பன்னிரண்டு கண்ணிகளாகச் சொல்லியிருக்கிறது. நமக்கு இன்று நான்கு போதும்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. புலனும் பொருளும் தொட்டுக்கொள்வது ஊறு. அதில் உண்டாகும் இனிமை, கசப்பு, இரண்டுமற்ற நிலை ஆகியவை நுகர்வு. (இன்று நுகர்வோர் என்றால் கடைக்காரருக்கு வேண்டியவர். சொற்களின் விதியைப் பாருங்கள்.) அது வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழும் உந்துதல் வேட்கை. உந்துதலை இறுகப் பிடித்துக்கொண்டு கதை கட்டுவது பற்று. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. காது இருந்தால் ரயில் கேட்கும், சத்தம் பெரிதானால் கசக்கும். நுகர்வு வேட்கையாக மாறும் இடத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதைக் காண்பதுதான் பயிற்சி.

இப்போது செய்து பார்ப்போம். பன்னிரண்டு நிமிடம் போதும். விளக்கேற்றி தேவாரம் படித்து முடித்தபின் வையுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். நாற்காலியில் இருக்கலாம். பாதம் தரையில் படட்டும், முதுகு சாயாமல் நிமிர்ந்திருக்கட்டும். கைபேசியில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மணி வைத்து, அதைக் கைக்கெட்டாத இடத்தில் கவிழ்த்துவிடுங்கள். மின்விசிறி ஓடட்டும். கொழும்பு வெக்கையில் அதை நிறுத்திவிட்டு உட்காருவது தவமாகிவிடும்.

முதல் இரண்டு நிமிடம் உடல் எங்கெங்கே தொடுகிறது என்று மட்டும் பாருங்கள். பாதத்தில் தரையின் குளிர், தொடையில் நாற்காலி, கைமேல் கை. "உடல் இருக்கிறது" என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த ஐந்து நிமிடம் மூச்சு. மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ எங்கே தெளிவாகப் படுகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள். இந்த மூச்சு நீளமா குறுகியதா என்று அறிவது மட்டும்தான் வேலை. குறுகிய மூச்சை நீளமாக்கக் கூடாது, அது பிராணாயாமம், வேறு பாடம். தலை இலேசாகச் சுற்றினால் நீங்கள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். விட்டுவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். மனம் சமையலறைக்கோ அலுவலகத்துக்கோ ஓடும். ஓடியது தெரிந்த அந்தக் கணத்தில் சதி வந்துவிட்டது, அதாவது மறந்தது நினைவுக்கு வந்துவிட்டது. தன்னைத் திட்டாமல் அடுத்த மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நான்கு நிமிடம்தான் இன்றைய பாடம். மூச்சைப் பின்னால் விட்டுவிட்டு, எது பலமாக வருகிறதோ அதைப் பாருங்கள். நுளம்பு கடிக்கலாம், முழங்கால் வலிக்கலாம், பக்கத்து வீட்டில் மீன் பொரியும் மணம் வரலாம். அதன் பெயரைச் சொல்ல வேண்டாம். அதன் சுவையை மட்டும் சொல்லுங்கள்: இனிது, கசப்பு, இரண்டுமில்லை. பிறகு அதைத் தொடர்ந்து "வேண்டும்", "போகட்டும்" என்ற உந்துதல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உடலில் எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று தேடுங்கள். தாடையா, தோளா, வயிறா? அதை அடக்க முயலாமல் அது தளரும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். நுளம்பைத் தட்டவேண்டுமென்று தோன்றினால், தட்டுவதற்கு முன் ஒரு மூச்சு காத்திருங்கள். பிறகு மெதுவாகக் கையால் விலக்கிவிடலாம், வீரம் தேவையில்லை. கடைசி நிமிடம் மறுபடி பாதம், நாற்காலி, கை. மணி அடித்தால் கண்ணைத் திறவுங்கள்.

முடிந்ததும் எழும்ப வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்து நடந்ததில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் கோபத்தைச் சொல்லும்போது நானே கோபமாகிவிடுகிறேன். தமிழில் "எனக்குக் கோபம் வந்தது" என்கிறோம். பசி வந்தது, தூக்கம் வந்தது, அழுகை வந்தது. வந்தது கோபம், நான் அது வந்த இடம் மட்டும். பாதி வேலையை மொழியே செய்துவைத்திருக்கிறது. கொப்பியில் அந்த "எனக்கு" என்ற சொல்லையும் விட்டுவிட்டு எழுதிப்பாருங்கள்.

என் பழைய கொப்பியிலிருந்து ஒரு நாளைச் சொல்கிறேன். ரயில் முதலில் பாதத்தில் வந்தது, தரை அதிர்ந்தது. அதன்பிறகுதான் சத்தம். அது ஊறு. நெஞ்சுக்கு நடுவே சுருக்கென்றது, அது கசப்பான நுகர்வு. உடனே தாடை இறுகியது, "போய்த் தொலையட்டும்" என்ற வேட்கை. அந்த இடத்தைத் தவறவிட்டேன். அடுத்து என்ன ஓடியது தெரியுமா? இந்த வீட்டை வாங்கியிருக்கவே கூடாது, தரகன் ஏமாற்றிவிட்டான், விற்கச் சொன்ன மகன் பேச்சைக் கேட்டிருக்கலாம், விற்றால் இப்போது என்ன விலை போகும், அந்தப் பணத்தில் தெஹிவளையில் என்ன கிடைக்கும். மறுபடி நினைவு வந்தபோது ரயில் பம்பலப்பிட்டியையும் தாண்டியிருக்கும். ரயில் அரை நிமிடம் ஓடியிருந்தால் அதிகம், வீட்டு விற்பனை நாலைந்து நிமிடம் ஓடியது. புத்தர் இதை இரண்டு அம்புகள் என்பார். முதல் அம்பு உடலில் தைப்பது, எல்லோருக்கும் தைக்கும். இரண்டாவது அம்பை முதல் அம்பின் நோவில் மனம் தானே எய்துகொள்கிறது. அன்று கொப்பியில் எழுதியது இவ்வளவுதான்: "சத்தம் வந்தது. கசந்தது. தாடை இறுகியது. வீடு விற்கப்பட்டது."

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள், தாடை இறுகியதும் அது தெரிந்தது. தெரிந்த உடனே தளர்ந்தது. சத்தம் முடியும்வரை கசப்பு இருந்தது, சத்தத்தோடு சேர்ந்து அதுவும் தேய்ந்து போனது. தரகன் வரவேயில்லை. தேரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை, "நாளைக்கும் வரும்" என்றார். மறுநாள் தரகன் வந்தான்.

வழி தவறுவதைக் கண்டுகொள்ள இரண்டு அடையாளம் சொல்கிறேன். "இனிது, கசப்பு" என்று சொல்வது மந்திரம்போலத் தாளத்தோடு ஓடத் தொடங்கினால், நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் செபிக்கிறீர்கள். செபம் நல்லதுதான், ஆனால் இது அதற்கான இடமல்ல. சொல்லை விட்டுவிட்டுப் பார்வையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, நேற்றுக் கிடைத்த அமைதி இன்று கிடைக்கவில்லை என்று எரிச்சல் வருவது. அந்த அமைதியும் ஒரு நுகர்வு, இனியது. அதன்மேல் வேட்கை வந்திருக்கிறது. எரிச்சலைத் துரத்தாமல் அதையே அன்றைய பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி விழுவது எல்லோருக்கும் நடக்கும், கண்ணைப் பாதி திறந்துவைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் சனத்தில் பலருக்குச் சத்தம் என்பது ரயில் சத்தத்தோடு நிற்பதில்லை. கண்ணை மூடியதும் எண்பத்துமூன்றாம் ஆண்டோ, பதுங்குகுழியோ, இழந்த முகமோ வந்து நிற்கலாம். அப்படி வந்தால் "வருவதைப் பார்" என்ற பாடத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கண்ணைத் திற, எழுந்து நட, அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரைச் சொல், யாரோடாவது கதை. திரும்பத் திரும்ப வந்தால் தனியாக உட்காருவதை விட்டு மனநல வைத்தியரிடம் போவதுதான் சரி. தியானத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாக விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஒரு வாரம் இப்படிச் செய்தபின், தேவாரத்தையும் பயிற்சியையும் அடுத்தடுத்து வைத்து உங்களிடமே கேட்டுப்பாருங்கள். தேவாரத்தின்போது ரயில் வந்ததும் யாரிடம் திரும்பிப் போனேன்? பயிற்சியின்போது எதனிடம்? அலுவலக வகுப்பில் எனக்கு என்ன கிடைக்குமென்று உட்கார்ந்தேன்? நான் கண்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறாக இருக்கலாம். தேவாரம் முடிந்து எழும்பும்போது எனக்குத் துணை இருக்கிறது. பாவனை முடிந்து எழும்பும்போது துணை தேவைப்பட்ட அந்த ஆளே கொஞ்சம் மெலிந்திருக்கிறான். இரண்டும் ஒன்றே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றுக்காக மற்றதை விடவும் மனம் வரவில்லை. ஆன்மா உண்டு என்பது சித்தாந்தம், அப்படி ஒன்றைக் காணோம் என்பது பௌத்தம். இந்த வழக்கை இருவரும் பல நூறு வருடங்களாகப் பேசுகிறார்கள். உங்கள் பன்னிரண்டு நிமிடத்தில் அது தீர வேண்டியதில்லை.

போயாவுக்குத் தாராளமாகப் போங்கள். வெள்ளை உடை, தோள் மூடியிருக்கட்டும், வாசலில் செருப்பு, புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். திருநீற்றை அழித்துவிட்டுப் போக வேண்டியதில்லை, என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. தோழி சில் எடுக்கப்போகிறாளா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எட்டுச் சீலம் எடுத்தால் மத்தியானத்துக்குப் பின் சாப்பாடு கிடையாது. சில் எடுக்காமல் பாவனைக்கு மட்டும் இருக்கலாம், ஆனால் சுற்றியிருப்பவர்கள் வெறும் வயிற்றோடு இருக்கும்போது நீங்கள் மாலையில் பையைத் திறந்து வடை எடுப்பது நன்றாக இராது. பதினொன்றரைக்கே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள்.